கடவுளுக்கான இரண்டு வாதங்கள்: ஒன்று உலகத்திலிருந்து, ஒன்று எண்ணத்திலிருந்து

யாங்கோனில் ஒரு கோயிலை ஒட்டிய அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழும் தேவாரமும் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் போன மாதம் கேட்டான்: "ஐயா, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குன்னு சொல்றீங்களே, அப்போ சாமிக்கு யாரு காரணம்?" அவனோடு பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் பௌத்தப் பிள்ளைகள், உலகைப் படைத்தவன் ஒருவன் என்ற பேச்சே அவர்கள் வீடுகளில் கிடையாது, ஆகவே இது அவனுக்குக் குறும்புக் கேள்வி இல்லை, தினமும் எதிரே வந்து நிற்கும் கேள்வி. அன்றைக்கு வகுப்பு முடியும் நேரம். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால் கடவுளுக்கான இரண்டு பெரிய வாதங்களும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது வரைக்கும் அது நம்மைக் கூட்டிப்போகும்.

முதலில் "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்ற வாக்கியத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். அப்படித் தொடங்கினால் பையனின் கேள்வியிலேயே வாதம் முடிந்துபோகும். ஆனால் இந்த வாதத்தை ஊன்றிச் செய்தவர்கள், நம் மெய்கண்டாரோ, இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு சீனாவோ, கிறிஸ்தவத் துறவி தாமஸ் அக்வினாஸோ, ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸோ, யாரும் அப்படித் தொடங்கவில்லை. இல்லாமலும் போகக்கூடிய ஒன்று இருக்கிறது என்றால் அது இருப்பதற்கு ஏதோ ஒன்று பொறுப்பாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் அவர்களுடைய தொடக்கம். என் எதிரே டீக் கோப்பை இருக்கிறது. அது இல்லாமலும் இருந்திருக்கலாம், நாளைக்கு உடையலாம். அது இருப்பதற்கான பொறுப்பு அதனிடமே இல்லை. இல்லாமல் போகவே முடியாத ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைப் பார்த்து "இதற்கு யார் காரணம்" என்று இதே விதியை வைத்துக் கேட்க முடியாது. அப்படி ஒன்று உண்டா என்று கேட்கலாம், அது வேறு கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம்மிடம் இந்த வாதம் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் முதல் சூத்திரமாகவே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதியது:

அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

அவன், அவள், அது என்று சுட்டிக்காட்டக்கூடிய எல்லாம் தோன்றுகின்றன, நிற்கின்றன, ஒடுங்குகின்றன. இந்த மூன்று தொழிலுக்கும் உட்பட்டது தானாக இருக்கும் பொருளாக இருக்க முடியாது, ஒருவனால் தோற்றுவிக்கப்பட்ட பொருளாகத்தான் இருக்க வேண்டும். எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்துதான் மறுபடி தோன்றும், அதனால் ஒடுக்குகிறவனே முதல்வன். சுட்டிக்காட்டக்கூடியது என்பதில் தொடங்குவதைப் பாருங்கள். வேத வாக்கியத்தை வைத்துத் தொடங்கவில்லை, இறை அனுபவத்தை வைத்தும் தொடங்கவில்லை. கண்ணெதிரே இருப்பதைப் பிடித்து மேலே ஏறுகிறார். இந்த வகையைத்தான் காஸ்மாலஜிக்கல் வாதம் என்கிறார்கள். நான் இதை உலக வாதம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பர்மியர், நான் அவரை சயா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் டீக்கடையில் இதைச் சொன்னதும் அவர் கேட்டது: "சங்கிலி பின்னால போய்க்கிட்டே இருக்கட்டுமே, எங்க நிக்கணும்னு என்ன கட்டாயம்?" பாலி நூல்களில் சம்சாரத்தை 'அனமதக்க' என்பார்கள், ஆரம்பம் இன்னதென்று காண முடியாதது. ஒன்று இருந்தால் இன்னொன்று எழும், அதற்கு முன்னால் வேறொன்று, அதற்கும் முன்னால் இன்னொன்று. தொடக்கமே இல்லை என்றால் தொடங்கியவன் எதற்கு?

இங்கேதான் பெரும்பாலான பேச்சுகள் வழி தவறுகின்றன. உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதை இந்த வாதம் நம்பியே இருக்கவில்லை. (அப்படித் தொடக்கத்தை நம்பி ஓடும் வகை ஒன்று உண்டு, இஸ்லாமிய அறிஞர் அல்-கஸாலி எழுதியது, இன்று பெருவெடிப்பைத் துணைக்கு அழைத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகைதான். எனக்கு அது இரண்டில் பலவீனமானதாகத் தெரிகிறது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) உலகம் ஆரம்பமே இல்லாமல் எப்போதும் இருந்து வந்திருக்கலாம், அதைப் பகுத்தறிவை மட்டும் வைத்துப் பொய்யாக்க முடியாது என்று அக்வினாஸே எழுதியிருக்கிறார். அவர் விவிலியத்தை வைத்து ஆரம்பம் உண்டு என்று நம்பியவர். ஆனால் அவருடைய வாதத்துக்கு அது தேவைப்படவில்லை.

ஏன் தேவையில்லை என்பதற்கு யாங்கோன்காரர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம், மின்வெட்டு ஒன்று போதும். என் அறையில் பல்பு எரிகிறது. பல்புக்குச் சொந்தமாக வெளிச்சம் இல்லை, வயரிலிருந்து வாங்குகிறது. வயருக்குச் சொந்தமாக மின்சாரம் இல்லை, தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து வாங்குகிறது. அதுவும் வாங்கியதுதான், மேலே உயர் அழுத்தக் கம்பி, அப்புறம் எங்கோ ஒரு மின் நிலையம், கயா மாநிலத்தில் 1960 முதல் ஓடும் லோபிதா நீர்மின் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒருவர் வந்து "மின் நிலையமே கிடையாது, வயர் மட்டும் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகிறது" என்று சொன்னால் பல்பு எரிவதை அவர் விளக்கிவிட்டாரா? வயரை எவ்வளவு நீட்டினாலும் அது வாங்கித் தரும் பொருள்தான், தன்னிடம் இருந்து தரும் பொருள் ஆகாது. நீளம் கூடுவதால் மின்சாரம் பிறக்காது.

தாத்தா, அப்பா, மகன் என்று போகும் சங்கிலி வேறு மாதிரி. தாத்தா இறந்த பிறகும் அப்பா பிள்ளை பெறலாம், பிள்ளை பெறும் திறன் அந்த நேரத்தில் தாத்தாவிடமிருந்து ஓடி வரவில்லை. அந்தச் சங்கிலி பின்னால் முடிவில்லாமல் போகலாம், அதில் அக்வினாஸுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. முடிவில்லாமல் போக முடியாது என்று அவர் சொன்னது வயர் மாதிரி, இந்த நொடியில் ஒன்று இன்னொன்றிடம் கடன் வாங்கிக்கொண்டே நிற்கும் சங்கிலியைத்தான். இருப்பு என்பதே இப்படிக் கடன் வாங்கிய ஒன்று என்றால், கடன் வாங்காமல் சொந்தமாக வைத்திருக்கும் ஒன்று எங்கேயாவது இருந்தாக வேண்டும். சயாவின் 'அனமதக்க' தாத்தா, அப்பா வகைச் சங்கிலிக்குப் பொருந்தும், வயர் வகையை அது தொடவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் ஓடி வருகிறது என்று நமக்குத் தெரியும், மீட்டர் வைத்து அளக்கலாம். இருப்பும் அப்படி ஓடி வரும் ஒன்று என்பதற்கு மீட்டர் கிடையாது. கோப்பை ஒருமுறை செய்யப்பட்ட பிறகு அதுபாட்டுக்கு இருக்கிறது, யாரும் அதற்குள் இருப்பை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னால், வயர் உவமை அவரைக் கட்டாயப்படுத்தாது.

அப்படிச் சொல்கிறவருக்கு லைப்னிட்ஸ் 1697இல் வேறு பக்கமாக வந்தார். அவர் சொன்னது ஒரு வடிவியல் புத்தகம், முந்தைய பிரதியைப் பார்த்து எழுதியது, அது அதற்கு முந்தைய பிரதியைப் பார்த்து, இப்படி ஆரம்பமில்லாமல். எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தேவார நோட்டை வைத்து நினைத்துப் பாருங்கள். இந்த நோட்டில் ஏன் இந்தப் பாட்டு இருக்கிறது? போன வருட நோட்டைப் பார்த்து எழுதினான். அதில் ஏன்? அதற்கு முந்தைய நோட்டு. முடிவில்லாமல் பின்னால் போனாலும் ஒவ்வொரு நோட்டுக்கும் பதில் கிடைத்துவிடும், ஆனால் "ஏன் இந்தப் பாட்டு, ஏன் வேறு பாட்டு இல்லை, ஏன் நோட்டே இல்லாமல் இல்லை" என்பதற்குப் பதில் கிடைக்காது. வரிசை முழுவதற்குமான பதில் வரிசைக்கு வெளியில்தான் இருக்க முடியும்.

இதை ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் தாக்கினார், அவர் இறந்த பிறகு 1779இல் வெளிவந்த நூலில். இருபது துகள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லிவிட்டேன் என்றால், இருபதும் சேர்ந்த கூட்டத்துக்கு என்ன காரணம் என்று மறுபடி கேட்பது வீண் என்றார். 1948இல் பிபிசி வானொலியில் கோப்பில்ஸ்டன் பாதிரியாரோடு வாதாடிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இதே பக்கத்தில் நின்றார்: ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு என்பதால் மனித இனம் முழுவதற்கும் ஒரு தாய் உண்டு என்று ஆகிவிடுமா? பலரும் இதைத்தான் உலக வாதத்துக்கு எதிரான மிகப் பெரிய அடி என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீக்கடை மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் வேலை முடிந்து வந்தார், ஒருவர் மழைக்கு ஒதுங்கினார் என்று ஐந்து பேருக்கும் காரணம் சொல்லிவிட்டால் மேலே ஒன்றும் மிச்சமில்லை, சரிதான். ஆனால் அந்தக் காரணங்கள் எல்லாம் மேசைக்கு வெளியிலிருந்து வந்தவை. "அவர் கூப்பிட்டதால் இவர் வந்தார், இவர் கூப்பிட்டதால் அவர் வந்தார்" என்று மேசைக்குள்ளேயே சுற்றினால் ஐந்து பேருக்கும் காரணம் சொன்ன மாதிரி இருக்கும், ஆனால் ஏன் மேசை காலியாக இல்லை என்பது அப்படியே நிற்கும். உலகம் முழுவதும் என்று வரும்போது நமக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது வகைதான்.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. எந்த விதியை வைத்து இவ்வளவு தூரம் ஏறினோமோ அந்த விதியே ஏணியை எரித்துவிடுகிறது என்ற எதிர்ப்பு அது, நம் காலத்தில் பீட்டர் வான் இன்வேகன் இதைக் கூர்மையாக வைத்தார். மெதுவாகப் பார்ப்போம். வேறு மாதிரியும் இருந்திருக்கக்கூடிய உண்மைகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுங்கள்: இந்தக் கோப்பை இருப்பது, நேற்று மழை பெய்தது, ஐராவதி தெற்கே ஓடுவது, எல்லாம். இந்த மூட்டைக்கு ஒரு விளக்கம் வேண்டும் என்கிறது விதி. அந்த விளக்கம் எப்படிப்பட்டது? அதுவும் வேறு மாதிரி இருந்திருக்கக்கூடியது என்றால் அதுவும் மூட்டைக்குள்தான் இருக்கும், அப்போது அது தன்னைத்தானே விளக்க வேண்டும், அதை நாம் ஏற்கனவே முடியாது என்று சொல்லிவிட்டோம். அது வேறு மாதிரி இருக்கவே முடியாதது என்றால், அதிலிருந்து கட்டாயமாகப் பிறக்கும் மூட்டையும் வேறு மாதிரி இருக்கவே முடியாததாகிவிடும். நேற்று மழை பெய்தது இரண்டும் இரண்டும் நாலு மாதிரி தப்பவே முடியாத உண்மை ஆகிவிடும். எதை வைத்துத் தொடங்கினோம்? கோப்பை இல்லாமலும் இருந்திருக்கலாம் என்பதை வைத்து. அதுவே கையை விட்டுப் போகிறது.

இதற்கு வழக்கமான பதில், கடவுள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார், காரணம் விளைவைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்பது. ஆனால் ஏன் இந்த உலகைத் தேர்ந்தெடுத்தார், ஏன் வேறொன்றை இல்லை என்ற கேள்விக்கு "அவர் விருப்பம்" என்பதோடு நிற்க வேண்டியிருக்கும். அப்படி ஓரிடத்தில் நிற்கலாம் என்றால், "உலகம் இருக்கிறது, அவ்வளவுதான்" என்று ரஸ்ஸல் ஏன் முன்பே நிற்கக்கூடாது?

மெய்கண்டாருடைய வாதம் இந்தப் பொறியில் விழுவதில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. சைவ சித்தாந்தத்தில் பதி என்னும் இறைவன், பசு என்னும் உயிர், பாசம் என்னும் தளை மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. இறைவன் குயவன் மாதிரி நிமித்த காரணம், மாயை மண் மாதிரி முதற் காரணம், சக்தி சக்கரம் மாதிரி துணைக் காரணம். ஏன் இந்த உலகம், ஏன் இப்படி என்றால் உயிர்களின் வினைக்கு ஏற்ப, அவற்றைப் பிடித்திருக்கும் மலம் என்ற அழுக்கு கழிவதற்காக. சூத்திரத்தில் 'மலத்துளதாம்' என்ற சொல் அதற்குத்தான் இருக்கிறது. ஆக எல்லாவற்றையும் ஒரே பொருளிலிருந்து பிதுக்கி எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் விலை ஒன்று கொடுக்க வேண்டியிருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. உயிரும் மாயையும் யாராலும் ஆக்கப்படாமல் அநாதியாக இருக்கலாம் என்று நாமே ஒத்துக்கொண்ட பிறகு, உலகமும் அப்படி இருக்கட்டுமே என்பவருக்கு என்ன சொல்வோம்? உலகம் அறிவில்லாதது, அதைத் தொழிற்படுத்த அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்போம். அங்கே 7ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தரான தர்மகீர்த்தி காத்திருக்கிறார்: பானை மண்ணால் ஆனது, குயவன் செய்தான், கரையான் புற்றும் மண்ணால் ஆனதுதான், அதையும் குயவன்தான் செய்தானா? குயவன் பானை செய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறோம், அதனால் பானையைப் பார்த்ததும் குயவனை ஊகிக்கிறோம். உலகம் செய்யப்படுவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இது கனமான எதிர்ப்பு.

சரி, இன்னொரு வாதத்துக்கு வருவோம். இதில் கோப்பையும் வேண்டாம், பல்பும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். ஆன்டாலஜிக்கல் வாதம் என்பார்கள், நான் எண்ண வாதம் என்கிறேன். 1077-78 வாக்கில் அன்செல்ம் என்ற துறவி எழுதினார். கடவுள் என்றால் அதைவிடப் பெரிதாக ஒன்றை எண்ணவே முடியாத பொருள். கடவுள் இல்லை என்பவருக்கும் இந்தச் சொல்லின் பொருள் புரிகிறது, ஆக அவர் எண்ணத்திலாவது அது இருக்கிறது. எண்ணத்தில் மட்டும் இருக்கிறது என்றால், உண்மையிலும் இருப்பதாக அதை எண்ணலாமே, அது இன்னும் பெரிதாயிற்றே. அப்போது பெரிதாக எண்ணவே முடியாததைவிடப் பெரிதாக எண்ணிவிட்டோம், முரண்பாடு. ஆகவே அது உண்மையிலும் இருக்கிறது.

இதைக் கேட்ட எல்லோருக்கும் ஏதோ தவறு என்று தோன்றும், என்ன தவறு என்று சொல்லத்தான் வராது. அன்செல்ம் காலத்திலேயே கவுனிலோ என்ற இன்னொரு துறவி, இதே வழியில் எல்லாத் தீவுகளையும்விடச் சிறந்த தீவு ஒன்று இருக்கிறது என்று நிரூபித்துவிடலாமே என்றார். ஆனால் தீவுக்கு உச்சம் என்று ஒன்று இல்லை, இன்னும் நாலு தென்னை, இன்னும் கொஞ்சம் கடற்கரை என்று கூட்டிக்கொண்டே போகலாம், ஆகவே அந்த ஒப்பீடு முழுக்கப் பொருந்தவில்லை. பிறகு 1781இல் இம்மானுவேல் கான்ட், இருப்பு என்பது ஒரு பண்பே இல்லை என்றார். என் கையில் ஒரு லட்சம் சாட் இருப்பதாக நினைக்கிறேன், பத்தாயிரம் சாட் நோட்டு பத்து. உண்மையில் கையில் இருக்கும் ஒரு லட்சத்திலும் நோட்டு பத்துதான், பதினொன்று இல்லை. இருப்பு எண்ணத்தோடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. (கான்ட் சொன்னது நூறு தாலர், அவர் ஊர்ப் பணம்.)

அன்செல்ம் முதலில் சொன்ன வடிவத்துக்கு இந்த அடி வலிக்கும். ஆனால் 'இருக்கிறது' என்பதை விட்டு 'இல்லாமல் போக முடியாது' என்பதைப் பண்பாக எடுத்துக்கொண்டால் கான்ட்டின் நோட்டுக் கணக்கு அவ்வளவு தெளிவாக வேலை செய்யாது. இல்லாமல் போகக்கூடியது, இல்லாமல் போக முடியாதது என்ற இரண்டுக்கும் நடுவில் உண்மையான வேறுபாடு இருக்கிறது. ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் இந்தப் பக்கமாக வந்தார். கடவுள் என்றால் இல்லாமல் போகவே முடியாத, எல்லாச் சிறப்பும் உள்ள பொருள். அப்படி ஒன்று இருக்க முடியும் என்று மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள் போதும். இல்லாமல் போக முடியாதது ஏதோ ஒரு விதமான உலகத்தில் இருக்க முடியும் என்றால், அது எல்லா விதமான உலகத்திலும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அது 'இல்லாமல் போக முடியாதது' ஆகாது. ஆகவே நம் உலகத்திலும் இருக்கிறது.

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. கேட்பதும் சின்னதாகத் தெரிகிறது, "இருக்க முடியும்" என்ற ஒரு சொல். பிரச்சினை முழுக்க அந்தச் சொல்லில்தான். தமிழில் "இருக்கலாம்" என்று இரண்டு விஷயத்துக்கும் சொல்கிறோம். "வீட்டில் சர்க்கரை இருக்கலாம்" என்றால் எனக்குத் தெரியவில்லை என்று பொருள். "இந்தப் பெட்டிக்குள் பூனை இருக்கலாம், இடம் போதும்" என்றால் அப்படி இருப்பதற்கு வழி உண்டு என்று பொருள். முதலாவது என் அறியாமை, இரண்டாவது பொருளின் இயல்பு.

இந்த இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 1742இல் கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த ஊகம் ஒன்று: 2ஐவிடப் பெரிய எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம். 28 என்றால் 5+23. 100 என்றால் 3+97. இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை, பொய்யாக்கவும் இல்லை. இப்போது நான் சொல்கிறேன், "இது உண்மையாக இருக்கலாம், இல்லையா?" நீங்கள் தலையாட்டுகிறீர்கள். "கணக்கில் ஒன்று உண்மை என்றால் அது எங்கேயும் எப்போதும் உண்மை. ஆக இது உண்மையாக இருக்க முடியும் என்றால் உண்மைதான். நிரூபித்துவிட்டேன்." ஏமாற்று என்று உடனே தெரிகிறது. ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர், "இது பொய்யாகவும் இருக்கலாம், இல்லையா?" என்று தொடங்கி அதே இரண்டே வரியில் பொய் என்று நிரூபித்துவிடுவார். நீங்கள் தலையாட்டியது அறியாமையின் 'இருக்கலாம்' என்பதற்கு, நான் எடுத்துக்கொண்டது இயல்பின் 'இருக்க முடியும்' என்பதை.

கடவுள் விஷயத்திலும் இதேதான். இல்லாமல் போக முடியாத கடவுள் இருக்க முடியும் என்று ஒருவர் தொடங்கினால் முடிவு கடவுள் உண்டு. அப்படி ஒன்று இல்லாத உலகம் இருக்க முடியும் என்று இன்னொருவர் தொடங்கினால், அதே விதிகளில், அதே தூரத்தில், முடிவு கடவுள் இல்லை. இரண்டு தொடக்கங்களும் கேட்பதற்கு ஒரே அளவு நியாயமாக இருக்கின்றன, இரண்டில் ஒன்று மட்டும்தான் சரியாக இருக்க முடியும், எது என்று வாதத்துக்குள்ளிருந்து சொல்ல வழியில்லை. எண்ண வாதத்துக்கு எதிரான மிகப் பலமான எதிர்ப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன், தீவையும் தாலரையும் அல்ல. பிளான்டிங்காவே இது கடவுள் உண்டு என்பதை நிலைநாட்டவில்லை, அந்த நம்பிக்கை அறிவுக்கு விரோதமில்லை என்பதைத்தான் காட்டுகிறது என்று ஒத்துக்கொண்டார். அதற்கு ரொம்ப முன்பே, 1676இல், லைப்னிட்ஸ் இந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, எல்லாச் சிறப்புகளும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே பொருளில் சேர முடியும் என்று காட்டப் பார்த்தார், அதை எடுத்துக்கொண்டு ஹேக் நகரத்தில் மெய்யியலாளர் ஸ்பினோசாவைப் போய்ப் பார்த்தார். சிறப்புகள் ஒவ்வொன்றும் பிரிக்க முடியாத எளிய பண்புகள், ஆகவே மோத வழியில்லை என்றார். ஆனால் எல்லாம் அறிவதும் எல்லாம் செய்ய முடிவதும் பிரிக்க முடியாத எளிய பண்புகள் என்று யார் சொன்னது?

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கான்ட் சொன்ன இன்னொன்று இங்கே முக்கியம்: உலக வாதம் தனி வாதமே இல்லை, உள்ளே எண்ண வாதத்தை ஒளித்து வைத்திருக்கிறது என்றார். உலகத்திலிருந்து ஏறிப்போய் 'இல்லாமல் போக முடியாத ஒன்று' என்ற இடத்தை அடைகிறோம். அது என்ன என்று கேட்டால், எல்லாச் சிறப்பும் உள்ள பொருள்தான் அப்படி இருக்க முடியும் என்கிறோம். அந்த ஒரு அடி எண்ணத்தை மட்டும் வைத்து எடுத்த அடி, அன்செல்முடைய அடி. ஆகவே எண்ண வாதம் விழுந்தால் உலக வாதமும் விழும்.

இது பாதி சரி என்று நினைக்கிறேன். எண்ணத்தை மட்டும் பார்த்து 'இது இல்லாமல் போக முடியாது' என்று கண்டுபிடிப்பது ஒன்று, பல்பு எரிவதைப் பார்த்து 'எங்கோ மின் நிலையம் இருந்தாக வேண்டும்' என்று தெரிந்துகொள்வது இன்னொன்று. மின் நிலையம் எப்படி இருக்கும், உள்ளே எது சுற்றுகிறது என்று தெரியாமலே அது உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். எண்ண வாதத்தை மறுத்துவிட்டு உலக வாதத்தை ஏற்ற அக்வினாஸ் முரண்படவில்லை. சொல்லப்போனால் உதவி எதிர்த் திசையில் வர முடியும்: எண்ண வாதத்துக்குக் குறைவாக இருந்தது 'இருக்க முடியும்' என்பதற்கான சான்று, உலக வாதம் வெற்றி பெற்றால் அந்தச் சான்று கிடைத்துவிடும், ஆனால் அப்போது எண்ண வாதத்துக்கு வேலையே இருக்காது.

கான்ட் சரியாகப் பிடித்த பாதி, அந்த 'முடியாது' என்ற சொல்லின் அழுத்தத்தில் இருக்கிறது. இல்லாமல் போக முடியாது என்றால் என்ன பொருள்? அது இல்லை என்று சொல்வது 'வட்டமான சதுரம்' மாதிரி முரண்பாடு என்று பொருளா? அப்படியென்றால் இருப்பு மறுப்பு எதிலும் முரண்பாடு வராது என்ற ஹியூமின் எதிர்ப்பு இரண்டு வாதத்தையும் சேர்த்தே அடிக்கும். சிவம் இல்லை என்று ஒருவர் சொன்னால் தவறாக இருக்கலாம், உளறல் ஆகாது. சரி, முரண்பாடு என்று நான் சொல்லவில்லை, யாராலும் ஆக்கவோ அழிக்கவோ முடியாது, எதையும் சார்ந்து நிற்கவில்லை, அவ்வளவுதான் என்று இறங்கி வரலாம். அநாதி என்று மெய்கண்டார் வழியில் சொல்வது இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அப்படி இறங்கினால் பையனின் கேள்வி வாசலில் வந்து நிற்கும்: யாராலும் ஆக்கப்படாதது சரி, ஆனால் அடியோடு இல்லாமலே இருந்திருக்கலாமே, ஏன் இருக்கிறது? உயரமாகச் சொன்னால் எண்ண வாதத்தின் நோய் தொற்றும், தாழ்வாகச் சொன்னால் தொடங்கிய கேள்வியே திரும்ப வரும். இதற்கு நடுவில் நிற்க இடம் உண்டா என்பதில்தான் இன்றைக்கும் சண்டை.

சயாவிடம் இவ்வளவையும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார், அது என்னை இன்னும் விடவில்லை. "ஆக்கப்படாதது ஒன்னு உண்டுன்னு எங்க புத்தரும் சொல்லியிருக்கார்" என்றார். உதானம் என்ற பாலி நூலில் வருகிறது: பிறக்காதது, ஆகாதது, ஆக்கப்படாதது, கூட்டிச் சேர்க்கப்படாதது ஒன்று உண்டு, அது இல்லையென்றால் பிறந்தவற்றிலிருந்து விடுதலையே இல்லை. ஆனால் சயாவின் தேரவாத பௌத்தத்தில் அது நிப்பானம், வடமொழியில் நிர்வாணம். அது எதையும் படைக்கவில்லை, எதையும் தோற்றுவிக்கும் காரணமாகவும் நிற்கவில்லை. ஆக சார்பில்லாத ஒன்று உண்டு என்ற முடிவை நான் எவ்வளவு கஷ்டப்பட்டு எட்டினாலும், அங்கிருந்து உலகைத் தோற்றுவித்து ஒடுக்குகிறவனுக்குப் போக இன்னொரு நீண்ட வழி இருக்கிறது. அதை நடக்கச் சூத்திரத்தின் 'அந்தம் ஆதி' ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது தர்மகீர்த்தியின் கரையான் புற்றைத் தாண்டியாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். சாமிக்கு யார் காரணம் என்ற கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டுப் பார்: இல்லாமல் போகவே முடியாத ஒன்று என்று எதுவாவது உண்டா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "இருக்கலாம் ஐயா" என்றான். எந்த இருக்கலாம் என்று கேட்டேன், சர்க்கரையா, பூனையா. அதற்குப் பதில் சொல்ல அடுத்த ஞாயிறு வரைக்கும் நேரம் கேட்டிருக்கிறான்.